வெளிநாட்டு வேலைக்கு சுய அறிமுக வீடியோ: ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட்

"உணவுப் பொருள் பேக்கிங் ஆலையில் ஆறு வருடமாக மெயின்டெனன்ஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அப்ளை செய்தால், இரண்டு நிமிடத்துக்குள் செல்ஃப் இன்ட்ரோ வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம் பேசலாம்? எந்தத் தொனியில் பேசுவது? கேமரா முன்னால் எப்படி உட்காருவது? மாதிரி ஸ்கிரிப்ட் ஒன்று கிடைத்தால் நல்லது. என் இங்கிலீஷ் சுமார்தான்."

ஒன்றரை நிமிடம் பேசுங்கள். இரண்டு நிமிடம் என்பது அவர்கள் வைத்த மேல்வரம்புதான், அதுவரை இழுத்தாக வேண்டும் என்று இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் இணையப் பக்கத்திலேயே பதிவு செய்யச் சொல்லும். அங்கே நேரம் முடிந்ததும் பதிவு தானாக நின்றுவிடும், நீங்கள் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. ஒன்றரை நிமிடத்துக்குத் தயார் செய்தால், நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினாலும் இரண்டுக்குள் முடித்துவிடலாம்.

நேரத்தைக் கடிகாரத்தை வைத்துத் திட்டமிடுவதைவிட வார்த்தை எண்ணிக்கையை வைத்துத் திட்டமிடுவது நல்லது. இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சாதாரண உரையாடலில் நிமிடத்துக்கு 150 வார்த்தை அளவுக்குப் பேசுவார்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டுப் பழகாத ஒருவருக்கு அந்த வேகம் அதிகம். 120 முதல் 130 வரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஒன்றரை நிமிடத்துக்கு 190 வார்த்தை அளவுக்கு வரும். எழுதி முடித்ததும் ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 190 வார்த்தையை 70 வினாடியில் முடித்துவிட்டால் உங்கள் வேகம் 160-ஐத் தாண்டிவிட்டது. அப்போது மிச்சமிருக்கும் நேரத்தில் இன்னும் நாலு வாக்கியத்தைச் சேர்க்கத்தான் கை போகும். சேர்க்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

இனி ஸ்கிரிப்ட். வீடியோவைப் பார்க்கிறவர் கையில் உங்கள் ரெஸ்யூமே ஏற்கெனவே இருக்கிறது. படிப்பு, சான்றிதழ், வேலை பார்த்த இடங்கள், தேதிகள் எல்லாம் அதில் உண்டு. அதையே வாயால் ஒப்பிப்பதைக் கேட்க அவர் வீடியோ கேட்கவில்லை. ரெஸ்யூமேயில் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். உங்கள் தொழிலைப் பொறுத்தவரை அது இதுதான்: இரவு ஷிப்டில் ஒரு லைன் நின்றுபோனால், என்ன ஆயிற்று என்று இந்த ஆள் சொல்வது மற்றவர்களுக்குப் புரியுமா? பழுதைக் காரணம் தேடிக் கண்டுபிடிக்கிறவரா, பாகத்தை மாற்றிப்போட்டுப் பார்க்கிறவரா? இந்த இரண்டுக்கும் ஒரே பதில் போதும். நீங்கள் சரிசெய்த ஒரு பழுதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்லிக்காட்டுங்கள். அதைக் கேட்டால் உங்கள் இங்கிலீஷும் தெரிந்துவிடும், வேலை செய்யும் விதமும் தெரிந்துவிடும். ஆகவே மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதியை அந்த ஒரு சம்பவத்துக்கே கொடுங்கள்.

பலரும் எழுதும் ஸ்கிரிப்ட் வேறு மாதிரி இருக்கும். இந்த வாய்ப்பைக் கொடுத்ததற்கு நன்றி என்று ஆரம்பித்து, பிறந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், குடும்பத்தில் எத்தனை பேர், பொழுதுபோக்கு, "என் பலம் கடின உழைப்பு" என்று போய், மறுபடியும் நன்றியில் முடியும். கல்லூரி வளாக நேர்காணலுக்குச் சொல்லிக்கொடுத்த அச்சு அது. வெளிநாட்டு ஹெச்ஆருக்கு அதில் இரண்டு சிக்கல். முதல் அரை நிமிடம் ஓடியும் நீங்கள் என்ன வேலை செய்கிறவர் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டாவது, வயது, மதம், திருமண நிலை, குடும்பம் ஆகியவற்றை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அவர் கேட்கக் கூடாத தகவலை நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவருக்குச் சங்கடம். அமெரிக்காவில் இந்தக் காரணத்துக்காகவே, தாங்கள் கேட்காமல் வந்த போட்டோவையோ வீடியோவையோ பார்க்கத் தயங்கும் ஹெச்ஆர் துறைகள் உண்டு. கேட்ட நிறுவனத்துக்கு மட்டும் வீடியோ அனுப்புங்கள்.

கீழே உள்ளது உங்கள் வேலைக்கு ஏற்ப நான் அமைத்த மாதிரி. வேண்டுமென்றேதான் தமிழில் எழுதியிருக்கிறேன். பொருளை முதலில் தமிழில் திடமாக வைத்துக்கொண்டு, பிறகு உங்களுக்குப் பழக்கமான இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுதிய இங்கிலீஷை மனப்பாடம் செய்தால், அடுத்த கட்ட நேர்காணலில் உங்கள் சொந்த இங்கிலீஷ் வெளிவரும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். சம்பவமும் எண்களும் கற்பனை. அந்த இடத்தில் உங்களுக்கு உண்மையாக நடந்ததை வையுங்கள்.

தொடக்கம், இங்கிலீஷில் சுமார் 30 வார்த்தை:

"வணக்கம், என் பெயர் இன்னது. நான் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். ஆறு வருடமாக உணவுப் பொருள் பேக்கிங் ஆலையில் வேலை செய்கிறேன். உங்கள் பேக்கேஜிங் லைன் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்."

இப்போதைய வேலை, சுமார் 45 வார்த்தை:

"எங்கள் ஆலையில் எட்டு லைன்கள். ஒரு ஷிப்டில் நாலு லைன் என் பொறுப்பு. மோட்டார், டிரைவ், சென்சார், நியூமேட்டிக் வேலைகளை நானே செய்வேன். பிஎல்சி புரோகிராமைத் திறந்து பழுது எங்கே என்று கண்டுபிடிப்பேன். புதிதாக புரோகிராம் எழுதுவதில்லை."

சம்பவம், சுமார் 80 வார்த்தை:

"போன வருடம் ஒரு லைனில் பாக்கெட் சீல் அடிக்கடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் ஹீட்டரை மாற்றினோம். ஆனாலும் பழுது திரும்ப வந்தது. நான் ஒரு ஷிப்ட் முழுக்க சீலிங் ஜாவின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தேன். மெஷின் வேகமாக ஓடும்போது மட்டும் அளவு தாவியது. தெர்மோகப்பிள் வயர் ஜாவோடு சேர்ந்து அசைந்து அசைந்து உள்ளுக்குள் அறுந்திருந்தது. வளைவதற்கென்றே வரும் கேபிளைப் போட்டு, வேறு வழியாகக் கொண்டுபோனேன். முன்பு வாரத்துக்கு மூன்று முறை நின்ற லைன், அடுத்த மூன்று மாதத்தில் இந்தக் காரணத்தால் ஒரு முறைதான் நின்றது."

ஏன் இந்த வேலை, எப்போது வர முடியும், சுமார் 35 வார்த்தை:

"பழைய லைன்களைப் பராமரிக்க ஆள் தேவை என்று உங்கள் அறிவிப்பில் படித்தேன். நான் பார்க்கும் மெஷின்களில் பாதி பதினைந்து வருடப் பழையவை. என் நோட்டீஸ் காலம் ஒரு மாதம். எனக்கு ஒர்க் விசா தேவைப்படும். நன்றி."

மொத்தம் 190. ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் சரக்கை வைத்து மாற்றி எழுத முடியும்.

தொடக்கத்தில் நிறுவனத்தின் பெயரைவிட வேலையின் பெயர் முக்கியம். அறிவிப்பில் அவர்கள் எழுதியிருக்கும் அதே பெயரைச் சொல்லுங்கள். ஒரே நாளில் பல பதவிகளுக்கான வீடியோக்களைப் பார்க்கிறவர், உங்களை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று முதல் பத்து வினாடியில் தெரிந்துகொள்வார். "மைசெல்ஃப்" என்று ஆரம்பிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். "ஐ ஆம்" என்றோ "மை நேம் இஸ்" என்றோ போதும்.

வேலையைச் சொல்லும் பகுதியில் உங்கள் ஆலையின் பெயர் அவர்களுக்கு எதையும் சொல்லாது. எட்டு லைன், ஒரு ஷிப்டில் நாலு என்று சொன்னால் அளவு உடனே பிடிபடும். பண மதிப்பைச் சொல்ல நேர்ந்தால் லட்சம், கோடி வேண்டாம். அந்த எண்கள் வெளியே புரியாது, மில்லியன் கணக்குக்கு மாற்றிச் சொல்லுங்கள். "புதிதாக புரோகிராம் எழுதுவதில்லை" என்ற வாக்கியத்தை நீக்கிவிடத் தோன்றும். நீக்க வேண்டாம் என்பேன். பிஎல்சி தெரியும் என்று மட்டும் சொன்னால், எழுதத் தெரியுமா, பார்க்க மட்டும் தெரியுமா என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். எல்லையை நீங்களே சொல்லிவிட்டால், தெரியும் என்று சொன்ன மற்றதை அவர் நம்புவார். புரோகிராம் எழுதும் ஆள்தான் வேண்டும் என்றால், அது இப்போதே தெரிவது இரு தரப்புக்கும் நல்லது.

சம்பவத்தில் ஐந்து கண்ணிகள் இருக்கின்றன: அறிகுறி, மற்றவர்கள் செய்து பார்த்தது, நீங்கள் அளந்தது, கண்டுபிடித்த காரணம், அதன் பிறகு லைன் ஓடிய விதம். பெரும்பாலான ஸ்கிரிப்ட்களில் மூன்றாவது கண்ணி விட்டுப்போகும். பழுது வந்தது, சரிசெய்தேன், எல்லோரும் பாராட்டினார்கள் என்று தாவிவிடுவார்கள். ஒரு மெயின்டெனன்ஸ் மேனேஜர் காதைத் தீட்டுவது அந்த மூன்றாவது கண்ணிக்குத்தான். ஷிப்ட் முழுக்க வெப்பநிலையைக் குறித்தது, வேகம் கூடும்போது மட்டும் அளவு தாவியதைக் கவனித்தது ஆகிய இரண்டு வாக்கியங்களும் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று காட்டிவிடுகின்றன. முடிவில் எண்ணைச் சொல்லும்போது காலத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "லைன் நிற்பது 90 சதவீதம் குறைந்தது" என்றால் யார் கணக்கிட்டது என்ற கேள்வி வரும். "இந்தக் காரணத்தால் மூன்று மாதத்தில் ஒரு முறை" என்பது லாக் புத்தகத்தைப் பார்த்து நீங்களே சொல்லக்கூடிய எண். பெரிய விபத்தைத் தடுத்த கதை, கோடிக்கணக்கில் மிச்சப்படுத்திய கதை எல்லாம் தேட வேண்டாம். சின்னப் பழுதாக இருந்தாலும் காரணத்தைத் தேடிப் போன பழுதாக இருக்கட்டும்.

எந்த மெஷின், எந்தத் தயாரிப்பு என்று பிராண்ட் பெயர் சொல்லலாமா? மெஷின் கம்பெனியின் பெயரைச் சொல்வதில் தவறில்லை. அவர்களிடமும் அதே மெஷின் இருந்தால் உங்களுக்கு அது பலம். இப்போதைய முதலாளியின் வாடிக்கையாளர், உற்பத்தி அளவு, ரெசிப்பி செட்டிங் போன்றவற்றைச் சொல்லவே கூடாது. அதைக் கேட்கும் புது முதலாளி, நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் வெளியே சொல்வார் என்று நினைப்பார்.

விசா தேவை என்பதைச் சிலர் மறைத்து வைப்பார்கள். விண்ணப்பப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கும், மறைத்துப் பலன் இல்லை. அதற்கு விளக்கமோ வேண்டுகோளோ சேர்க்காமல், நோட்டீஸ் காலத்தைச் சொல்வதுபோல ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். சம்பள எதிர்பார்ப்பு வீடியோவில் வேண்டாம்.

தொனியைப் பற்றி நிறையப் பேர் கேட்பது, பணிவாகப் பேசுவதா, தன்னம்பிக்கையாகப் பேசுவதா என்று. ஷிப்ட் முடியும்போது அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசரிடம் லைன் நிலவரத்தை ஒப்படைப்பீர்களே, அந்தக் குரல்தான் சரி. மரியாதை அதில் தானாகவே இருக்கிறது. குழைவு இல்லை, மேடைப் பேச்சும் இல்லை. "ரெஸ்பெக்டட் சார்", வாக்கியத்துக்கு ஒரு "சார்", "தயவுசெய்து ஒரு வாய்ப்பு கொடுங்கள்" எல்லாம் நமக்குப் பணிவாகத் தோன்றும். முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் பணியிடத்தில் அது, தவறைக் கண்டால் மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லத் தயங்குவாரோ என்ற ஐயத்தைக் கிளப்பும். மெயின்டெனன்ஸ் வேலையில் அந்த ஐயம் சின்ன விஷயம் இல்லை. பாதுகாப்பில்லாத மெஷினை நிறுத்தச் சொல்லும் தைரியம் உள்ள ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இங்கிலீஷ் சுமார் என்று சொன்னீர்கள். உச்சரிப்பை மாற்ற முயல வேண்டாம், வெளிநாட்டு வாடையை வரவழைக்கவும் வேண்டாம். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் போகாதீர்கள். "விச்", "பிகாஸ்" என்று நீளும் வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் இலக்கணப் பிழை பாதியாகக் குறையும். அடுத்து, எண்ணுக்கும் தொழில்நுட்ப வார்த்தைக்கும் முன்னால் அரை வினாடி நிறுத்துங்கள். கேட்கிறவருக்கு முக்கியமான வார்த்தைகள் அவைதான். வேகத்தில் நாம் முழுங்குவதும் அவற்றைத்தான்.

முழுவதையும் மனப்பாடம் செய்தால் கண் மேலே பார்க்கும், குரல் ஒரே தாளத்தில் ஓடும், ஒரு வார்த்தை மறந்தால் எல்லாமே நின்றுபோகும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். நடுப்பகுதிக்கு ஐந்தாறு குறிப்பு வார்த்தைகள் போதும்: எட்டு லைன், சீல், வெப்பநிலை, வயர், மூன்று மாதம், பழைய லைன். இவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு சின்னத் தாளில் எழுதி, லென்ஸுக்குச் சற்றுக் கீழே ஒட்டுங்கள். ஸ்கிரிப்டை ஓடவிடும் டெலிபிராம்ப்டர் செயலியை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்தால், கருவிழி இடமும் வலமும் போய்வருவது பார்க்கிறவருக்கு அப்படியே தெரியும். வெட்டி ஒட்டாமல் ஒரே டேக்காக எடுங்கள். ஒரு வார்த்தை தடுமாறித் திருத்திச் சொன்ன டேக்கை, பத்து இடத்தில் வெட்டிய டேக்கைவிட எளிதாக நம்புவார்கள்.

இப்போது ஃபிரேம். போனைப் படுக்கையாக வையுங்கள், அவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்ப்பார்கள். நிறுத்திவைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து முகம் சிறுத்துவிடும். பின்பக்க கேமராவில், சாதாரண ஒன்று-மடங்கு லென்ஸில், 1080 தரத்தில் எடுங்கள். முன்பக்க கேமராவைக் கைநீளத்துக்கும் கிட்டே வைத்து எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெருத்துத் தெரியும். பின்பக்க கேமராவை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு மார்பு வரை ஃபிரேமுக்குள் வரும். லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும், மேசைமேல் புத்தகங்களை அடுக்கி உயர்த்திக்கொள்ளலாம். திரையை மேலிருந்து கீழாக மூன்று பங்காகப் பிரித்தால், முதல் கோட்டின் மேல் கண் வர வேண்டும். கண் திரையின் நடுவில் இருந்தால் தலைக்கு மேல் பெரிய வெற்றிடம் விழுந்து, ஆள் அடியில் அமுங்கியதுபோல இருக்கும். பேசும்போது பார்ப்பது லென்ஸை.

நம்மில் பலருக்கு நேரும் ஒரு சிக்கல் வெள்ளைச் சுவர். பின்னால் பளிச்சென்ற சுவர் இருந்தால், கேமரா மொத்தக் காட்சியின் வெளிச்சத்தையும் கணக்கிட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கும். சுவர் சாம்பல் நிறமாகும், மாநிறமோ கருநிறமோ உள்ள முகம் கண்ணே தெரியாத அளவுக்கு இருண்டுவிடும். உடனே முகத்தில் கூடுதல் விளக்கை அடிப்பார்கள், நெற்றி மினுமினுக்கும். வெளிர்நீலம், சாம்பல் போன்ற நடுத்தர நிறச் சுவரோ திரைச்சீலையோ பின்னால் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது என்றால், பதிவுக்கு முன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பூட்டுக் குறி வரும். பிறகு பக்கத்தில் உள்ள சூரியக் குறியை முகம் தெளிவாகும் வரை மேலே தள்ளுங்கள். சுவர் கொஞ்சம் வெளுத்துப்போனால் பரவாயில்லை.

வெளிச்சத்துக்கு ஜன்னல்தான் சிறந்தது. ஜன்னல் உங்களுக்கு எதிரே அல்லது சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். கூரை விளக்கு மட்டும் இருந்தால் கண்குழியில் நிழல் விழும். இரவில் எல்இடி விளக்கில் எடுக்கும்போது வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்தால், விளக்கின் துடிப்பும் கேமராவின் வேகமும் பொருந்தவில்லை என்று பொருள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்கினால் பட்டை மறையும். போனில் அந்த வசதி இல்லையென்றால் பகலில் எடுத்துவிடுங்கள்.

ஆலைக்குள் மெஷின் முன்னால் நின்று எடுக்கலாமா என்று தோன்றும். பார்க்க நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும், இப்போதைய முதலாளியின் அனுமதி இல்லாமல் அவருடைய மெஷினையும் லேபிளையும் வெளியே அனுப்பியதாகவும் ஆகும். வீட்டில் எடுங்கள். காலர் வைத்த ஒற்றை நிறச் சட்டை போதும், கோட்டு தேவையில்லை. கம்பெனி லோகோ உள்ள சீருடை வேண்டாம். நெருக்கமான கோடோ கட்டமோ போட்ட சட்டை திரையில் அலையடிக்கும்.

படம் சுமாராக இருந்தாலும் பார்த்துவிடுவார்கள், பேச்சு எதிரொலித்தால் மூடிவிடுவார்கள். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் போன் உங்கள் குரலோடு அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பிடிக்கும். காலரில் குத்தும் சின்ன மைக்கை மோவாய்க்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே மாட்டுங்கள். அது இல்லையென்றால் வயர் இயர்போனில் உள்ள மைக் போதும், ஆனால் சட்டையில் உரசாதபடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய் படிந்தால் காட்சி முழுக்கப் புகைமூட்டம் போல இருக்கும். பத்து வினாடி எடுத்து ஹெட்போனில் கேட்டுவிட்டு, பிறகு முழுசாக எடுங்கள்.

எடுத்த வீடியோவில் உச்சரிப்பு எங்கே மங்குகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. யூடியூபில் Private என்று போட்டு ஏற்றி, மொழியை இங்கிலீஷ் என்று குறித்துவிட்டு, அது தானாகப் போடும் சப்டைட்டிலைப் படியுங்கள். உங்கள் பெயரைத் தப்பாக எழுதினால் விட்டுவிடலாம். "தெர்மோகப்பிள்", "சீலிங் ஜா", எண்கள் ஆகியவை வேறு ஏதோ வார்த்தையாக வந்திருந்தால், அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். அப்படியும் சரியாக வரவில்லை என்றால், அதே பொருளுக்கு உங்கள் வாய்க்கு எளிதான வேறு வார்த்தையைப் போடுங்கள்.

அனுப்பும்போது கோப்பு .mp4 ஆகவோ, ஐபோனில் வரும் .mov ஆகவோ இருக்கட்டும். ஐபோனில் எடுப்பதானால், பதிவுக்கு முன்பே கேமரா செட்டிங்கில் Formats பகுதிக்குப் போய் Most Compatible என்று மாற்றுங்கள். இல்லையென்றால் சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் படம் திறக்காமல் போகலாம். ஆனால் இப்படி எடுக்கும் ஒன்றரை நிமிட வீடியோ 150 எம்பி-யையும் தாண்டக்கூடும், ஜிமெயில் இணைப்பின் வரம்போ 25 எம்பி. யூடியூபில் Unlisted என்று ஏற்றி அதன் லிங்க்கை அனுப்பலாம், அல்லது டிரைவில் போட்டு லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்கலாம். அனுப்புவதற்கு முன் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் அந்த லிங்க்கைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டால் அவர்களுக்கும் திறக்காது. பார்க்க முடியாத வீடியோவுக்காக உங்களுக்குத் திரும்ப எழுதிக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் கேட்டால் Document ஆக அனுப்புங்கள், சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரத்தைக் குறைத்துவிடும். தொடக்கத்தில் நீங்கள் வந்து உட்காருவதையும் முடிவில் கை நீட்டி நிறுத்துவதையும் வெட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்டையோ சான்றிதழையோ கேமராவில் காட்டச் சொன்னால் காட்டாதீர்கள். அறிமுக வீடியோவில் அதற்கு வேலை இல்லை.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், வீடியோவில் சொன்ன அந்தப் பழுதைப் பற்றிய கேள்வியும் பெரும்பாலும் வரும். எந்த வகைத் தெர்மோகப்பிள்? அறுந்தது வயர்தான், கன்ட்ரோலர் இல்லை என்று எப்படி உறுதிசெய்தீர்கள்? மற்ற லைன்களிலும் அதே வயரைப் பார்த்தீர்களா? மூன்று மாதத்தில் அந்த ஒரு முறை ஏன் நின்றது? இந்த நாலுக்கும் இங்கிலீஷில் இரண்டிரண்டு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்கட்டும். நாலாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு முழுக்கத் தெரிந்த வேறொன்றை ஸ்கிரிப்டில் வையுங்கள்.